எட்டுப் பக்க இத்தாலியப் புரோஷரும் அதற்கு நான் எழுதிய கவரிங் நோட்டும்

கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையிலிருந்து மார்ச் கடைசியில் எனக்கு ஒரு பி.டி.எஃப். வந்தது. எட்டுப் பக்கம், முழுக்க இத்தாலிய மொழி. இத்தாலியில் நடக்கும் ஓர் உணவுக் கண்காட்சிக்கு எடுத்துப்போக ஆயிரம் பிரதி அச்சடிக்கப் போகிறார்கள். ஆங்கிலப் புரோஷரை ஓர் ஏஜென்சியிடம் கொடுத்து மொழிபெயர்த்து வாங்கியிருந்தார்கள். பெங்களூர் சாலையில் ஒரு டிடிபி கடையில் லேஅவுட்டும் முடிந்துவிட்டது. "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக் குடுங்க மேடம்" என்றார் ஏற்றுமதிப் பிரிவு மேலாளர்.

நான் இத்தாலியில் பிரேஷா பக்கம் ஒன்பது வருடம் குடியிருந்தவள். வெளிநாட்டவருக்கான சியெனா பல்கலைக்கழகம் நடத்தும் சில்ஸ் என்ற இத்தாலிய மொழித் தேர்வில் சி1 நிலை முடித்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பிய பிறகு இத்தாலிய மெய்ப்பு வேலையை வீட்டிலிருந்தே செய்து வருகிறேன். இத்தாலியில் இந்த வேலையைப் பக்கக் கணக்கில் பேச மாட்டார்கள். இடைவெளியும் சேர்த்து 1,800 எழுத்து ஒரு கார்தெல்லா. அந்தக் கணக்கில் இந்தப் புரோஷர் ஆறு கார்தெல்லாதான் வந்தது. திருத்தும் வேலை ஒரே நாளில் முடிந்தது. கவரிங் நோட்டைத்தான் இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. இங்கே சொல்லப் போவது பெரும்பாலும் அதைப் பற்றி.

முதல் நாள் பி.டி.எஃப்.பின் ஓரத்தில் 63 குறிப்பு போட்டேன். அவற்றைப் பக்க வரிசையிலேயே ஒரு கடிதமாக எழுதி அனுப்பினேன். எழுத்துப்பிழை, தவறான சொல், எண், எனக்குப் புரியாத தகவல் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு பக்கம் வந்தது. மறுநாள் காலையில் மேலாளர் போன் செய்தார். "எல்லாம் சரிம்மா, இதுல நான் என்ன பண்ணணும்?" அவர் கேட்டது நியாயம். அந்த நான்கு பக்கத்தில் அவர் பதில் சொல்ல வேண்டியவை மூன்றே மூன்று. அந்த மூன்றும் கால்புள்ளிகளுக்கும் உச்சரிப்புக் குறிகளுக்கும் நடுவில் புதைந்து கிடந்தன. டிடிபி தம்பிக்கும் அதே கடிதம்தான் போயிருந்தது. எதைத் திருத்துவது, எதற்குக் காத்திருப்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

அதனால் 63 குறிப்பையும் மறுபடி எடுத்து, ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: இதற்கான விடை மொழியில் இருக்கிறதா, தொழிற்சாலையில் இருக்கிறதா? மொழியில் இருந்தால் திருத்தம், நானே செய்துவிடலாம். தொழிற்சாலையில் இருந்தால் அது வினா. எனக்கு எவ்வளவு நிச்சயமாகத் தோன்றினாலும் அதில் கை வைக்கக் கூடாது. இப்படிப் பிரித்ததும் புதிய நோட் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கியது. மேலே வினாக்கள், அடுத்து அவர் தெரிந்துகொள்ள வேண்டிய திருத்தங்கள், கடைசியில் ஒரே வரி: "மற்ற 51 திருத்தங்கள் எழுத்துப்பிழை, உச்சரிப்புக் குறி, இடைவெளி சார்ந்தவை, பி.டி.எஃப்.பில் குறித்திருக்கிறேன், நீங்கள் பார்க்கத் தேவையில்லை." டிடிபி கடைக்குத் தனித் தாள்.

முதலில் திருத்தங்கள். மேலாளருக்குக் கட்டாயம் சொல்லியாக வேண்டியது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் 'பிரிசர்வேட்டிவ் இல்லை' என்று இருந்ததை ஏஜென்சி ஒலி ஒற்றுமையை நம்பி மாற்றியிருந்தது.

```
senza preservativi aggiunti   (இருந்தது)
senza conservanti aggiunti    (திருத்தியது)
```

உணவைக் கெடாமல் வைக்கச் சேர்க்கும் பொருளுக்கு இத்தாலியில் கொன்செர்வாந்தே என்பதுதான் சொல். ப்ரெசெர்வாதீவோ என்றால் ஆணுறை. புரோஷரில் இது மூன்று இடத்தில் இருந்தது, ஒரு இடத்தில் பெரிய பச்சை எழுத்தில். இதை நோட்டில் எப்படி எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பூசி மெழுகினால், சாதாரணச் சொல் தேர்வு என்று நினைத்துப் பழைய வார்த்தையையே வைத்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் நேராகவே எழுதினேன்: "இந்தச் சொல்லுக்கு இத்தாலியில் ஆணுறை என்று பொருள். மூன்று இடத்திலும் மாற்றியிருக்கிறேன். உங்கள் வெப்சைட்டின் இத்தாலியப் பக்கத்திலும் லேபிளிலும் இதே சொல் இருந்தால் அங்கேயும் மாற்றச் சொல்லுங்கள்." அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். ஒரே ஏஜென்சி மொழிபெயர்த்த எல்லாவற்றிலும் ஒரே பிழை ஓடியிருக்கும்.

டிரம் என்ற சொல்லுக்கும் அதே கதிதான். கூழைக் கிருமி நீக்கிய அசெப்டிக் பையில் நிரப்பி 215 கிலோ இரும்பு டிரம்மில் வைத்து அனுப்புகிறார்கள். அந்த டிரம்முக்கு மொழிபெயர்ப்பில் இருந்தது தம்பூரோ, அதாவது அடிக்கும் மேளம். சரக்கு டிரம்முக்கு இத்தாலிய வணிகத்தில் ஃபுஸ்தோ என்பார்கள்.

```
tamburi da 215 kg   →   fusti da 215 kg
```

விளித்துப் பேசும் முறையிலும் ஒரு திருத்தம். இரண்டாம் பக்கத்தில் வாசகரைத் 'தாங்கள்' என்ற தொனியில் விளித்திருந்தது, நான்காம் பக்கத்தில் 'நீங்கள்', எட்டாம் பக்கத்தில் 'நீ'. நாம் ஒரு வியாபாரக் கடிதத்தில் "தங்கள் நிறுவனம்" என்று ஆரம்பித்து "எனக்கு போன் பண்ணு" என்று முடித்தால் எப்படி இருக்குமோ, அவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். நிறுவனங்களுக்குப் போகும் ஏடு என்பதால் எல்லாவற்றையும் வோய், அதாவது பன்மை 'நீங்கள்' ஆக்கினேன். இத்தாலியன் எனக்குத் தாய்மொழி இல்லை என்பதால், தொனி சம்பந்தப்பட்ட இந்த ஆறு வாக்கியத்தையும் பிரேஷாவில் இருக்கும் என் பழைய பக்கத்து வீட்டுத் தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்டேன். ஐந்துக்குச் சரி என்றாள், ஒன்றை மாற்றினாள். ஆறு வாக்கியம் இன்னொருவர் பார்வைக்குப் போனது என்பதையும் நோட்டில் எழுதினேன். வாடிக்கையாளரின் வாசகம் வெளியே போனால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எண்களில்தான் நேரம் அதிகம் போனது. இத்தாலியில் தசமத்துக்குக் கால்புள்ளி, ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி. நம் வழக்கத்துக்கு நேர் தலைகீழ். ஏஜென்சி எழுத்தை மட்டும் மொழிபெயர்த்து எண்ணை அப்படியே விட்டிருந்தது. ஒரு இருபதடி கன்டெய்னரில் 80 டிரம், மொத்தம் 17,200 கிலோ என்று போட்டிருந்தார்கள். இத்தாலியக் கண்ணுக்கு அது பதினேழு கிலோ இருநூறு கிராம். சூழலைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அதே அட்டவணையில் சர்க்கரைச் செறிவைக் காட்டும் பிரிக்ஸ் அளவு 14.0 என்று புள்ளியோடு இருக்கிறது. ஒரே அட்டவணையில் எந்தக் குறி எதற்கு என்று வாங்க வருகிறவர் யோசிக்கும்படி வைக்கக் கூடாது.

```
17,200 kg        →   17.200 kg
14.0-16.0 °Bx    →   14,0-16,0 °Bx
3.1 kg           →   3,1 kg
```

இவற்றைக் கண்டுபிடிக்க முதலில் பி.டி.எஃப்.பில் தேடல் போட்டேன். கால்புள்ளியைத் தொடர்ந்து மூன்று இலக்கம் வரும் இடமெல்லாம் பார்த்ததில் நான்கு கிடைத்தன. அப்புறம் வழக்கம்போல எட்டுப் பக்கத்தையும் தாளில் அச்செடுத்து, வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்து வாசித்தபோது ஐந்தாவது கிடைத்தது. ஆறாம் பக்க அட்டவணை எழுத்தாக இல்லை. எக்செல் ஷீட்டைப் படம் பிடித்து ஒட்டியிருந்தார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடல் காட்டாது. பி.டி.எஃப்.பில் ஒரு சொல்லின் மேல் கர்சரை இழுத்துப் பார்த்து, நீல நிறம் விழாவிட்டால் அது படம் என்று தெரிந்துகொள்ளலாம். அட்டவணையைப் புதிதாக டைப் செய்யும்படி டிடிபி தாளில் முதல் வரியாக எழுதினேன்.

இனி வினாக்கள். நோட்டில் முதலில் வைத்தது பொருளின் பெயரையே பற்றியது. நாம் கூழ் என்பதை ஆங்கிலத்தில் பல்ப் என்கிறோம், அதை ஏஜென்சி போல்பா என்று போட்டிருந்தது. பேச்சு வழக்கில் போல்பா தி மாங்கோ தவறே இல்லை. ஆனால் பழச்சாறுகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001/112/இசி உத்தரவின் இத்தாலிய வாசகத்தில் இரண்டு சொல்லுக்கும் தனித்தனி வரையறை இருக்கிறது. பழத்தின் உண்ணும் பகுதியைச் சாறு பிரிக்காமல் சலித்தோ அரைத்தோ எடுப்பது புரேயா. போல்பா என்ற சொல் அதே உத்தரவில் 'போல்பா அல்லது செல்லூலே' என்று வேறு பொருளாக வருகிறது. ஆரஞ்சு போன்ற பழங்களில் அது சாறு நிறைந்த பைகளைக் குறிக்கும். சாறு கம்பெனியின் கொள்முதல் ஆள் இந்த வேறுபாட்டோடுதான் வாசிப்பார். எனக்குப் புரேயாதான் சரி என்று பட்டது. ஆனாலும் ஒப்பந்தத்தில், இன்வாய்ஸில், லேபிளில் ஏற்கெனவே என்ன பெயர் ஓடுகிறது என்பது தொழிற்சாலைக்குத்தான் தெரியும். புரோஷரில் ஒரு பெயர், டிரம்மில் வேறு பெயர் என்று ஆக்கிவிடக் கூடாது. நோட்டில் இப்படி எழுதினேன்:

> வினா 1 (பக்கம் 1, 3, 5, 6). பொருளின் பெயர் இப்போது 'போல்பா'. ஐரோப்பியச் சட்ட வாசகத்தில் உங்கள் பொருளுக்குப் பொருந்தும் சொல் 'புரேயா'. நான் மாற்றவில்லை. இத்தாலிய வாடிக்கையாளர் உங்களுக்கு அனுப்பிய ஸ்பெசிஃபிகேஷன் தாளில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லாவிட்டால் தலைப்பில் 'போல்பா'வை விட்டுவிட்டு, ஆறாம் பக்க அட்டவணையில் மட்டும் 'புரேயா' போடச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வினாவிலும் நான்கு விஷயம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்: எந்த இடம், என்ன சந்தேகம், அவர் எதைப் பார்த்தால் விடை கிடைக்கும், பதில் வராவிட்டால் என்ன நடக்கும். கடைசியை எழுதாமல் விட்டால், பதில் வராத வினா அச்சகத்தில் யாரோ ஒருவரின் முடிவாக மாறிவிடும். முந்தைய ஒரு வேலையில் அப்படித்தான் ஆனது. நான் மஞ்சள் அடித்துக் கேள்விக்குறி போட்டிருந்த ஒரு வரி, கேள்விக்குறியோடு சேர்ந்து அச்சாகி வந்தது.

இரண்டாவது வினாவுக்கு அப்படி மாற்று வழி எதுவும் கொடுக்கவில்லை. நான்காம் பக்கத்தில் மாங்கோ ஒர்கானிகோ என்று இருந்தது. இயற்கை வேளாண் பொருளுக்கு இத்தாலியில் பியோலோஜிகோ என்பார்கள். சொல்லை மட்டும் பார்த்தால் இது திருத்தம்தான், ஒரு நொடி வேலை. ஆனால் அந்தச் சொல்லும் அதன் சுருக்கமான 'பியோ'வும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப் பாதுகாப்பு உள்ளவை. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2018/848 ஒழுங்குமுறைப்படி சான்றிதழ் இல்லாத பொருளுக்கு அதைப் போடக் கூடாது. மேலோட்டமான பிழையைத் திருத்தினால், நான் அவர்களைச் சான்றிதழ் இருப்பதாகச் சொல்ல வைத்துவிடுவேன். தவறான சொல்லாக இருந்தபோது கொஞ்சம் மங்கலாக இருந்த உரிமைகோரல், சரியான சொல்லானதும் தெளிவான பொய்யாகிவிடும். அதனால் எழுதினேன்: "ஐரோப்பிய ஆர்கானிக் சான்றிதழ் இருக்கிறதா? இருந்தால் சொல்லை மாற்றித் தருகிறேன். இல்லாவிட்டால் இந்த வரி முழுதாகப் போக வேண்டும். இதற்குப் பதில் வராமல் நான்காம் பக்கம் அச்சுக்குப் போக வேண்டாம்."

மூன்றாவது சிறியது. ஆறாம் பக்கத்தில் கன்டெய்னருக்கு 80 டிரம், இரண்டாம் பக்கத்தில் 84. 80 டிரம்மை 215 கிலோவால் பெருக்கினால் சரியாக 17,200 வருகிறது, 84 என்றால் 18,060. கணக்கு 80 பக்கம் நிற்கிறது. ஆனாலும் டிரம் எண்ணிக்கை மொழி இல்லை. கணக்கை எழுதி, 80 என்று போடலாமா என்று கேட்டேன்.

டிடிபி கடைக்கான தாளில் மொழி விளக்கம் எதுவும் இல்லை, செய்ய வேண்டியது மட்டும். அதில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன், ஏனென்றால் இத்தாலியன் தெரியாதவர் கண்ணில் அது படவே படாது. வரி முடிவில் சொல் உடையும் இடம். லேஅவுட் சாஃப்ட்வேரில் வாசகத்தின் மொழி ஆங்கிலம் என்றே இருந்தது, அதனால் ஆங்கில முறைப்படி உடைத்திருந்தது.

```
indus-tria     →   indu-stria
dis-tribuzione →   di-stribuzione
```

இத்தாலியில் எஸ் எழுத்தை அடுத்து வேறொரு மெய் வந்தால், எஸ் அடுத்த வரிக்குப் போய்விடும். தமிழில் புள்ளி வைத்த எழுத்தில் வரியைத் தொடங்கினால், 'அம்மா'வை 'அ' என்று நிறுத்திவிட்டு அடுத்த வரியில் 'ம்மா' என்று போட்டால், நமக்கு எப்படி உறுத்துமோ அதே உறுத்தல் அவர்களுக்கு. 14 இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றாகத் திருத்தச் சொல்லவில்லை. அப்படித் திருத்தினால் மேலே ஒரு சொல் மாறும்போது வரிகள் நகர்ந்து புதிய பிழை வரும். மொத்த வாசகத்தையும் தேர்வு செய்து மொழியை இத்தாலியன் என்று மாற்றச் சொன்னேன். அப்புறம், வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் பெரிய எழுத்துக்குக் குறி போடத் தெரியாமல் மேற்கோள் குறி ஒட்டியிருந்தார்கள். விண்டோஸில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு வலது பக்க எண் பலகையில் அடித்தால் போதும்:

```
E'  →  È    Alt+0200
```

புதிய நோட் போன அன்று மாலையே மேலாளரிடமிருந்து பதில் வந்தது. ஒன்றரைப் பக்கத்தை அச்செடுத்து, ஒவ்வொரு வினாவுக்குப் பக்கத்திலும் பேனாவால் எழுதிப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். இத்தாலியர் அனுப்பிய ஸ்பெசிஃபிகேஷனில் இருந்தது புரேயாதான். அதனால் பொருளின் பெயர் வரும் இடமெல்லாம் மாற்றினேன். மூன்றாம் பக்கத்தில் பழத்தின் சதை மஞ்சளாக இருக்கும் என்று வர்ணிக்கும் வாக்கியத்தில் மட்டும் போல்பா நிற்கட்டும் என்று விட்டேன். அங்கே அது பழச் சதை என்ற சாதாரணப் பொருளில் வருகிறது. ஆர்கானிக் சான்றிதழ் இல்லை, "விவசாயிங்க மருந்து கம்மியா அடிக்கிறாங்கன்னு எழுதினது அது" என்றார். வரி போய்விட்டது. டிரம் 80.

இரண்டாவது பி.டி.எஃப். மூன்று நாளில் வந்தது. திருத்தம் எல்லாம் ஏறியிருந்தது, ஆனால் எட்டாம் பக்கத்தில் வெப்சைட் முகவரியில் புள்ளிக்குப் பதில் கால்புள்ளி. டிடிபி தம்பியைக் கேட்டேன். "எண்ணுல புள்ளிய கமா ஆக்கச் சொன்னீங்களேக்கா, இடைவெளி இல்லாம நடுவுல வர்ற புள்ளிக்கெல்லாம் மொத்தமா ரீப்ளேஸ் குடுத்துட்டேன்" என்றார். தவறு என் தாளில்தான் இருந்தது. எந்தெந்த எண் என்று பக்க எண்ணோடு எழுதாமல் பொது விதியாக எழுதியிருந்தேன். மொத்தமாக மாற்றும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு: முதலில் கால்புள்ளியைப் புள்ளியாக்கி, அடுத்துப் புள்ளியைக் கால்புள்ளியாக்கினால் முதலில் மாற்றியதும் சேர்ந்து திரும்பிவிடும். நல்லவேளையாக எண்கள் எதுவும் அப்படித் திரும்பவில்லை. வெப்சைட், மின்னஞ்சல் இரண்டையும் சரிசெய்தோம். இப்போதெல்லாம் எண் திருத்தத்தைப் பக்கம், வரி, பழையது, புதியது என்று ஒவ்வொன்றாகத்தான் எழுதித் தருகிறேன்.

மூன்றாவது பி.டி.எஃப்.போடு அனுப்பிய கடைசி நோட் ஐந்து வரி. வினா மூன்றும் தீர்ந்தன. மொழியும் எண் வடிவமும் பார்த்தாகிவிட்டது. பிரிக்ஸ், அமிலத்தன்மை, பி.எச். அளவுகளை உங்கள் ஆய்வகத் தாளோடு நான் ஒப்பிடவில்லை, அதைத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு பார்க்க வேண்டும். போன் எண்களை அடித்துப் பார்க்கவில்லை. இதற்குப் பிறகு ஓர் எழுத்து மாறினாலும் அந்தப் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.

அச்சுக்குப் போன அன்று காலை டிடிபி தம்பி போன் செய்தார். அட்டையில் பச்சைக்குப் பதில் மஞ்சள் போட்டாராம், எழுத்து எதையும் தொடவில்லையாம், அனுப்பணுமா என்றார். அனுப்பச் சொன்னேன். தலைப்பில் புரேயா இருந்தது, முதல் வாக்கியத்தின் பெரிய எழுத்தில் குறி இருந்தது, வரி எதுவும் நகரவில்லை. சரி, போட்டுடுங்க தம்பி என்றேன்.